அருமனை சென்டர் கணக்கு மட்டும் சில நாள் கூடுது, சில நாள் குறையுது. கண்டுபிடிக்க முடியல

பால்கணக்கு · திங்கள் இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சின்ன ரப்பர் பால் சேகரிப்பு யூனிட்டுக்கு நான் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்து நாலு மாசம் ஆகிறது. குலசேகரம், திருவட்டாறு, அருமனை என்று மூணு இடத்தில் பால் எடுக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் அன்றைய மொத்த எடையும் சராசரி டி.ஆர்.சி.யும், அதாவது பாலில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற அளவும், எடுத்து, உலர்ந்த ரப்பர் எத்தனை கிலோ என்று சீட்டு அடிக்கும். அந்த உலர்ந்த கிலோவுக்குத்தான் காசு. எடை பெருக்கல் டி.ஆர்.சி., வகுத்தல் நூறு, அவ்வளவுதான் கணக்கு.

போன வாரம் அருமனை சென்டரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, உன் பிரிண்டர் எழுத்து தப்பா அடிக்குதாக்கும், கொஞ்சம் பாரு" என்றார். சீட்டில் 388 கிலோ, டி.ஆர்.சி. 34.1, உலர்ந்தது 119.89 என்று இருக்கிறது. அவர் கால்குலேட்டரில் போட்டால் 132.31 வருகிறது. பழைய சீட்டுகளையும் எடுத்தேன். ஒரு நாள் 412 கிலோ, 31.6, சீட்டில் 139.26, வரவேண்டியது 130.19. இன்னொரு நாள் 405 கிலோ, 33.2, சீட்டில் 134.87, வரவேண்டியது 134.46. அதாவது ஒரு நாள் ஒன்பது கிலோ கூடுகிறது, ஒரு நாள் பன்னிரண்டு கிலோ குறைகிறது, ஒரு நாள் அரைக் கிலோகூட வித்தியாசம் இல்லை. மற்ற இரண்டு சென்டரும் எல்லா நாளும் சரி.

எர்ரர் எதுவும் வரவில்லை. கொடுக்கும் முன்னால் டெஸ்ட்டும் பண்ணினேன், எல்லாம் பொருந்தியது. இது என்ன, ரவுண்டிங் பிரச்சனையா?

பேச்சிப்பாறை_ராஜன் · திங்கள் இரவு 10:05

தம்பி, பாலில் முக்கி டி.ஆர்.சி. பார்க்கும் மெட்ரோலாக்கை நம்பி கணக்கு எழுதினால் இப்படித்தான். பாலில் அமோனியா கொஞ்சம் கூடினாலும் தள்ளும், பால் சூடாக இருந்தாலும் தள்ளும், ரெயின் கார்டு சரியில்லாத மரத்தில் மழைத்தண்ணி கலந்திருந்தால் சொல்லவே வேண்டாம். லேபில் ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட்டாக அடித்து, ஓவனில் காயவைத்து எடுத்த டி.ஆர்.சி.தான் டி.ஆர்.சி. இதை நான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன், யார் கேட்கிறார்கள்.

பால்கணக்கு · திங்கள் இரவு 10:11

அண்ணே, டி.ஆர்.சி. தப்பாக அளந்திருந்தாலும் சீட்டில் அடித்திருக்கும் எண்ணும் பெருக்கி வந்த விடையும் பொருந்த வேண்டுமே. 388-ஐ 34.1-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 132.3 தான். அளவு எப்படி வந்தது என்பது இங்கே பிரச்சனை இல்லை, கணக்கே இடிக்கிறது.

பேச்சிப்பாறை_ராஜன் · திங்கள் இரவு 10:14

சரி சரி. ஆனாலும் மெட்ரோலாக்கை மாத்துங்க.

தக்கலை_ஜெனி · திங்கள் இரவு 10:32

சராசரியை எப்படி எடுக்கிறீர்கள்? எனக்கு அங்கேதான் சந்தேகம். ஒருத்தர் 100 கிலோ ஊற்றுகிறார், டி.ஆர்.சி. 30. இன்னொருத்தர் 20 கிலோ, டி.ஆர்.சி. 36. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 33 வரும். ஆனால் பால் முழுக்க ஒரே கேனில் சேர்ந்த பிறகு உண்மையான டி.ஆர்.சி. 31 தான், ஏனென்றால் அதிகப் பால் மெலிந்த பால். எடையைச் சேர்த்துச் சராசரி எடுக்காவிட்டால் சென்டருக்குச் சென்டர் இப்படி கூடவும் குறையவும் செய்யும். அருமனையில் சின்ன விவசாயிகள் அதிகம் என்றால் அங்கே மட்டும் தெரியும்.

பால்கணக்கு · திங்கள் இரவு 10:40

`sarasari_drc` எடையைச் சேர்த்துத்தான் எடுக்கிறது அக்கா, அதை முதலிலேயே பார்த்துவிட்டேன். அப்புறம், சீட்டில் அடிப்பதும் அதே சராசரிதான். அது தப்பாக இருந்தாலும் பெருக்கல் பொருந்த வேண்டும்.

தக்கலை_ஜெனி · திங்கள் இரவு 10:43

ஆமாம், அதுவும் சரிதான். அப்போ எனக்குத் தெரியல. கோடு போடுங்க.

கீரிப்பாறைக்காரன் · திங்கள் இரவு 11:20

கோடு போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள், ஐந்து நிமிஷம்தான். விடையிலிருந்து பின்னால் போங்கள். சீட்டில் வந்த உலர்ந்த எடையை மொத்த எடையால் வகுத்தால், மெஷின் உண்மையில் எந்த டி.ஆர்.சி.யை வைத்துப் பெருக்கியது என்று தெரிந்துவிடும்.

139.26-ஐ 412-ஆல் வகுத்தால் 33.8.
119.89-ஐ 388-ஆல் வகுத்தால் 30.9.
134.87-ஐ 405-ஆல் வகுத்தால் 33.3.

மூன்றும் ஒரு தசமத்தோடு சுத்தமாக வந்து நிற்கிறது, பார்த்தீர்களா. ரவுண்டிங் பிரச்சனை என்றால் 33.7 சொச்சம், 30.8 சொச்சம் என்று எங்காவது இழுத்துக்கொண்டு நிற்கும். இது யாரோ உண்மையாகவே அளந்த எண். அந்தந்த நாளில் 33.8, 30.9, 33.3 உங்கள் பதிவில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

பால்கணக்கு · திங்கள் இரவு 11:34

கிடைத்துவிட்டது. மூணும் திருவட்டாறு டி.ஆர்.சி. மூணு நாளும்.

தலை சுற்றுகிறது. கோடு இதோ. குலசேகரம் பிளாக் முதலில் எழுதி, அதைக் காப்பி பண்ணி திருவட்டாறு, திருவட்டாறைக் காப்பி பண்ணி அருமனை.

```python
kg_t = sum(r["edai"] for r in thiruvattar)
drc_t = sarasari_drc(thiruvattar)
ularntha_t = kg_t * drc_t / 100

kg_a = sum(r["edai"] for r in arumanai)
drc_a = sarasari_drc(arumanai)
ularntha_a = kg_a * drc_t / 100
```

கடைசி வரியில் `drc_t`. நாலு மாசமாக இந்த வரியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கீரிப்பாறைக்காரன் · திங்கள் இரவு 11:58

அந்த பிளாக்கைக் காப்பி பண்ணினால் ஏழு இடத்தில் பெயர் மாற்ற வேண்டும், எண்ணிப் பாருங்கள். ஆறு மாற்றியிருக்கிறீர்கள். ஒன்றுமே மாற்றாமல் விட்டிருந்தால் அருமனைச் சீட்டு திருவட்டாறுச் சீட்டின் அச்சாக வந்திருக்கும், முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். ஆறு மாற்றி ஒன்று விட்டதால்தான் இத்தனை நாள் ஓடியது.

உங்கள் டெஸ்ட் எப்படிப் பாஸ் ஆனது என்று நான் ஊகிக்கவா? மூணு சென்டருக்கும் டி.ஆர்.சி. 35 என்று ஒரே எண்ணைப் போட்டிருப்பீர்கள்.

பால்கணக்கு · செவ்வாய் அதிகாலை 12:03

100 கிலோ, 35. மூணுக்கும் அதே. விடை 35, 35, 35. சந்தோஷமாகத் தூங்கினேன் அன்று.

கீரிப்பாறைக்காரன் · செவ்வாய் காலை 6:50

35-உம் 35-உம் இடம் மாறினால் யாருக்குத் தெரியும். சோதனைக்குப் போடும் எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். 100, 200, 400 கிலோ, டி.ஆர்.சி. 30, 33, 37 என்று போட்டிருந்தால் அருமனைக்கு 148 வரவேண்டிய இடத்தில் 132 வந்து நின்றிருக்கும். அதைவிட எளிதாக ஒரு வழி உண்டு: அருமனை டி.ஆர்.சி.யை மட்டும் ஆட்டிப் பாருங்கள். 30, பிறகு 40. அருமனை விடை அசையவில்லை, திருவட்டாறை ஆட்டினால் அருமனை அசைகிறது என்றால் ஒயர் மாறியிருக்கிறது. கரண்ட் வேலை செய்கிறவர்கள் எந்த சுவிட்சுக்கு எந்த லைட் என்று பார்ப்பது மாதிரிதான்.

மழை விஷயமும் இதில் இருக்கிறது. நம்ம மாவட்டத்தில் திருவட்டாறில் கொட்டும்போது அருமனையில் வெயில் அடிக்கும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வானிலை இருந்த நாட்களில் டி.ஆர்.சி. கிட்டக்கிட்ட இருந்திருக்கும், தப்பும் அரைக் கிலோவுக்குள் அடங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் மழை பெய்த நாள்தான் காட்டிக்கொடுத்தது. அந்த 30.9 நாள் திருவட்டாறில் மழை பெய்ததா?

பால்கணக்கு · செவ்வாய் காலை 7:15

பெய்தது. முந்தின நாள் ராத்திரி முழுக்க. அருமனையில் தூறல்கூட இல்லையாம்.

மாசக் கணக்கில் ஏன் தெரியவில்லை என்பதும் இப்போது புரிகிறது. போன மாசம் 24 நாள் பால் எடுத்தோம். கூடிய நாட்களில் மொத்தம் 61.3 கிலோ கூடியிருக்கிறது, குறைந்த நாட்களில் 48.9 கிலோ குறைந்திருக்கிறது. கழித்தால் 12.4 கிலோ. அருமனைக்கு மாசம் மூவாயிரத்து சொச்சம் உலர்ந்த கிலோ வரும், அதில் 12 கிலோவை யார் கேட்பார்கள்? வடிகட்டும்போதே அதைவிட அதிகம் போகும் என்று முதலாளி சொல்வார்.

குளச்சல்_மரியான் · செவ்வாய் காலை 8:02

இதே கதை எங்க வீட்டில் எக்ஸலில் நடந்தது. பைத்தான் எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் படித்ததும் வயிறு கலங்கியது, எழுதாமல் இருக்க முடியல. எங்க அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு வள்ளம் வைத்திருக்கிறார்கள். மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவு கழித்து மீதியைப் பங்கு வைப்போம். முதல் வள்ளத்துக்கு நான் எழுதிய ஃபார்முலாவில் எண்ணெய்ச் செலவு `$F$4` என்று டாலர் போட்டு இருந்தது. அதை அப்படியே இழுத்து இரண்டாவது வள்ளத்துக்கு வைத்துவிட்டேன். டாலர் போட்டால் நகராது என்று தெரியும், அன்றைக்கு ஞாபகம் இல்லை. சித்தப்பா வள்ளம் கரையோரம் போய் வருவது, எண்ணெய் கம்மி. அப்பா வள்ளம் ரெண்டு நாள் தங்கி வருவது. எட்டு மாசம் சித்தப்பா பங்கில் அப்பா வள்ளத்து எண்ணெயைக் கழித்திருக்கிறோம். சித்தி கண்டுபிடித்தார். பேச்சு வார்த்தை இன்னும் முழுசாகச் சரியாகல.

தக்கலை_ஜெனி · செவ்வாய் காலை 9:10

அய்யோ.

பால்கணக்கு தம்பி, இதெல்லாம் கோடை ஓட்டாமலேயே படித்துத் தப்பு தேடும் லின்டர் போட்டிருந்தால் பிடித்திருக்கும். `drc_a`-வுக்கு மதிப்பு கொடுத்துவிட்டு எங்கேயுமே பயன்படுத்தவில்லை, அதை `flake8` F841 என்று சொல்லும். எங்க ஆபீசில் அது இல்லாமல் கோடு உள்ளே போகாது.

கீரிப்பாறைக்காரன் · செவ்வாய் காலை 9:45

பாதி சரி. F841 என்பது ஃபங்ஷனுக்குள் இருக்கும் லோக்கல் வேரியபிளுக்கு மட்டும்தான். தம்பியின் ஸ்கிரிப்ட் மேலிருந்து கீழே நேராக ஓடுகிறது, ஃபங்ஷனுக்குள் இல்லை. அந்த மட்டத்தில் இருக்கும் பெயரை வேறு ஃபைல் இம்போர்ட் பண்ணிப் பயன்படுத்தலாம் என்பதால் அது வாயைத் திறக்காது. எல்லாவற்றையும் `main()`-க்குள் வைத்திருந்தால் சொல்லியிருக்கும். அதுவும்கூட ஒரு நிபந்தனையோடு. தம்பி, `drc_a`-வைச் சீட்டில் அடிக்கிறீர்கள் இல்லையா?

பால்கணக்கு · செவ்வாய் காலை 9:52

ஆமாம், எடை, டி.ஆர்.சி., உலர்ந்தது, மூணும் சீட்டில் வரும்.

கீரிப்பாறைக்காரன் · செவ்வாய் காலை 10:20

அப்படியென்றால் `main()`-க்குள் இருந்தாலும் லின்டர் பேசாது. `print`-இல் ஒரு தடவை பயன்பட்டுவிட்டது, அதன் கணக்கில் அந்த வேரியபிள் வேலை செய்கிறது. சீட்டில் சரியான டி.ஆர்.சி. அடித்ததால் லின்டர் ஏமாந்தது. ஆனால் அதே சீட்டில் அது இருந்ததால்தான் அருமனை அண்ணன் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்க முடிந்தது. உலர்ந்த எடையை மட்டும் அடித்திருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த மாதிரித் தப்பைத் தேடுவதற்கென்றே 2004-ல் சி.பி.-மைனர் என்று ஒரு கருவி எழுதினார்கள், லினக்ஸ் கெர்னலிலேயே தேடிப் பிடித்தார்கள். ஒட்டிய பிளாக்கை மூலத்தோடு வைத்து, ஒரு பெயர் பல இடத்தில் மாறி ஓரிடத்தில் மட்டும் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் யோசனை. ஏழில் ஆறு, அதே உங்கள் கதை. 2014-ல் பி.வி.எஸ்.-ஸ்டூடியோ என்ற கருவியைச் செய்கிறவர்களில் ஒருவரான ஆந்த்ரேய் கார்போவ், இப்படி ஒட்டிய வரிசைகளில் தப்பு அதிகமாகக் கடைசி வரியில்தான் வருகிறது என்று எழுதினார். உங்களுக்கும் கடைசி பிளாக், கடைசி வரி, கடைசிப் பெயர்.

குளச்சல்_மரியான் · செவ்வாய் காலை 10:31

கடைசி வரி வரும்போது மனசு டீக்கடைக்குப் போயிருக்கும்.

பால்கணக்கு · செவ்வாய் மதியம் 1:15

மத்தியானம் உட்கார்ந்து இப்படி மாற்றினேன். சரியா?

```python
def ularntha(pathivu):
    kg = sum(r["edai"] for r in pathivu)
    drc = sarasari_drc(pathivu)
    return kg, drc, kg * drc / 100

for peyar, pathivu in maiyangal.items():
    print(peyar, *[round(x, 2) for x in ularntha(pathivu)])
```

கீரிப்பாறைக்காரன் · செவ்வாய் மதியம் 2:40

நல்லா இருக்கு. உள்ளே `_k`, `_t`, `_a` வால் எதுவும் இல்லை, மாற்ற மறப்பதற்கு இடமே இல்லை. லூப்பும் போட்டது நல்லது. `ularntha(thiruvattar)` என்று மூணு வரி கையால் எழுதியிருந்தால், அதையும் காப்பி பண்ணி ஒன்றில் பெயர் மாற்றாமல் விட்டிருக்கலாம், கதை திரும்ப ஆரம்பிக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய மூணு பிளாக்கையும் இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்றே அழியுங்கள். பைத்தான் ஃபங்ஷன் தனக்குள் இல்லாத பெயரை வெளியே போய்த் தேடும். `ularntha`-வுக்குள் கை தவறி `drc_t` என்று எழுதி, வெளியே பழைய `drc_t` உயிரோடு இருந்தால், ஒரு சத்தமும் இல்லாமல் அதை எடுத்துப் பெருக்கும். பழைய பிளாக் இல்லை என்றால் `NameError` என்று அந்த இடத்திலேயே விழும்.

பால்கணக்கு · செவ்வாய் மதியம் 2:55

வைத்திருந்தேன். கமென்ட்கூடப் பண்ணாமல். இப்போது அழித்துவிட்டேன்.

மார்த்தாண்டம்_சாம் · செவ்வாய் மாலை 6:20

இருபது வருஷமாகக் கோடு எழுதுகிறேன், நான் இதற்கு உடன்பட மாட்டேன். மூணு சென்டர்தானே, மூணு பிளாக் இருந்தால் ஒரு மனுஷன் மேலிருந்து கீழே படித்துப் புரிந்துகொள்வான். இன்றைக்கு எல்லாம் ஒரே ஃபங்ஷன். நாளைக்குக் குலசேகரத்துக்கு வண்டிக் கூலி கழிக்கணும், அருமனைக்குக் கழிக்க வேண்டாம் என்பார் முதலாளி. அந்த ஃபங்ஷனுக்குள் `if` போட ஆரம்பிப்பீர்கள், ஆறு மாசத்தில் அதில் எட்டு `if` நிற்கும். காப்பி பண்ணுவது பாவம் இல்லை. பண்ணிவிட்டுப் பார்க்காததுதான் தப்பு.

பால்கணக்கு · செவ்வாய் மாலை 6:48

சாரே, நீங்க சொன்னது அப்படியே உண்மை. ஆரம்பத்தில் நான் பிளாக் பிளாக்காக எழுதியதற்குக் காரணமே வண்டிக் கூலிதான். அருமனைக்கு மட்டும் தனிக் கழிவு உண்டு.

கீரிப்பாறைக்காரன் · செவ்வாய் இரவு 8:10

கழிவு எவ்வளவு என்பது எண். அதை `maiyangal`-இல் ஒவ்வொரு சென்டரோடும் ஒரு மதிப்பாக வைக்கலாம், கழிவு இல்லாத இடத்துக்குப் பூஜ்யம். `if` தேவைப்படாது. ஆனால் கணக்கு முறையே மாறினால் சாம் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு சென்டர் பாலாக இல்லாமல் ஷீட்டாகக் கொடுக்க ஆரம்பித்தால் அங்கே டி.ஆர்.சி.யே கிடையாது, அதை இதே ஃபங்ஷனுக்குள் திணிக்க நான் மாட்டேன்.

மார்த்தாண்டம்_சாம் · செவ்வாய் இரவு 8:25

எத்தனை எண் மாறினால் எண், எப்போது முறை மாறியது என்று யார் முடிவு பண்ணுவது? நான் என் பிளாக்கோடு இருக்கேன். ஒட்டியதும் பழைய வாலைத் தேடிப் பார்ப்பேன், புது பிளாக்குக்குள் ஒரு `_t` கண்ணில் பட்டாலும் நிறுத்துவேன். இதுவரை தப்பு வந்ததில்லை.

தக்கலை_ஜெனி · செவ்வாய் இரவு 8:31

வந்ததில்லையா, தெரிந்ததில்லையா சாம் அண்ணே 🙂

பேச்சிப்பாறை_ராஜன் · செவ்வாய் இரவு 9:00

கோடு கிடக்கட்டும். காசு என்னாச்சு? 412 கிலோ நாளில் மட்டும் ஒன்பது கிலோ உலர்ந்த ரப்பர் கூடக் கொடுத்திருக்கிறீர்கள். கிலோ 180 என்று வைத்தாலும் ஆயிரத்து அறுநூறுக்கு மேல். அதைத் திரும்பக் கேட்கப் போகிறீர்களா?

பால்கணக்கு · செவ்வாய் இரவு 9:35

அதுதான் அண்ணே தெரியல. குறைந்த நாட்களின் காசை இந்தச் சனிக்கிழமை கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். கூடிய நாட்களைக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அருமனை அண்ணன், "அந்தக் காசை நான் அப்பவே வெட்டுக்காரங்களுக்கும் பால் ஊத்துனவங்களுக்கும் பங்கு போட்டாச்சு தம்பி, இப்ப யார்ட்ட போய் கேக்க?" என்கிறார். அவர் சொல்வதும் சரி. போன மாசத்துக்கு முந்தின மாசங்கள் இன்னும் மோசம், ஸ்கிரிப்ட் மாசாமாசம் அதே சி.எஸ்.வி. ஃபைலின் மேலேயே எழுதும்படி வைத்திருந்தேன். போன மாசத்தை மட்டும் தற்செயலாக என் பென் டிரைவில் காப்பி எடுத்திருந்தேன். அதற்கு முன்னால் உள்ள திருவட்டாறு டி.ஆர்.சி. என்னிடம் இல்லை.

கீரிப்பாறைக்காரன் · செவ்வாய் இரவு 9:50

அருமனைச் சீட்டு இருந்தால் போதும், திருவட்டாறு தேவையில்லை. எடை, டி.ஆர்.சி., உலர்ந்தது மூணும் அதிலேயே இருக்கிறது. பெருக்கினால் சரியான விடை வரும், அடித்த விடையோடு வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் சீட்டுகளைக் கட்டி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

பால்கணக்கு · செவ்வாய் இரவு 10:30

கேட்டேன். பிஸ்கட் டப்பாவில் ரப்பர் பேண்ட் போட்டு நாலு மாசச் சீட்டும் வைத்திருக்கிறாராம். நாளைக்குக் காலையில் போய் எடுத்து வருகிறேன்.

இன்னொன்று. ஒட்டுப்பாலுக்கு ஒரு தனி ஃபைல் இருக்கிறது, அதுவும் இதே மாதிரி காப்பி பண்ணி எழுதியதுதான். இப்போது திறந்து `_t` என்று தேடினேன். அருமனை பிளாக்கில் இரண்டு இருக்கிறது.